நீளத் தலைப்பு கோணலாக மடிகிறதா? எழுத்தை நெருக்காதீர்கள்

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து ஓர் அறிவிப்பு செய்கிறீர்கள். இடப்பக்கம் தலைப்புக்கு ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு படம். கொடுக்கப்பட்ட தலைப்பு இது:

மின்னணுக் கழிவுகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதற்கான வழிமுறைகள் குறித்த விழிப்புணர்வுக் கூட்டம்

36 பாயின்ட் தடித்த எழுத்தில் பெட்டிக்குள் ஒட்டியதும் அது இப்படி மடிகிறது:

மின்னணுக் கழிவுகளைப்
பாதுகாப்பாக
அப்புறப்படுத்துவதற்கான
வழிமுறைகள் குறித்த
விழிப்புணர்வுக் கூட்டம்

ஐந்து வரி. இரண்டாவது வரியில் ஒற்றைச் சொல், அதன் வலப்பக்கம் பெரிய வெற்றிடம். மூன்றாவது வரியும் ஒற்றைச் சொல்தான், ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் நீளம். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது செய்தி அல்ல, வலது ஓரத்துப் பல்வரிசை.

இந்த இடத்தில் பலர் கை நேராக எழுத்து அகலத்துக்குப் போகும். அகலத்தை 85 விழுக்காடாகக் குறைத்தால் ஐந்து வரி மூன்றாகிவிடுகிறது, வரிகளும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. வேலை முடிந்ததுபோலத் தோன்றுவதுதான் சிக்கல். இதே தலைப்பை எழுத்தில் கைவைக்காமல் எப்படிச் சரிசெய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். செயலியாக லிப்ரேஆபிஸ் டிராவை எடுத்துக்கொள்கிறோம். பவர்பாயின்ட், வேர்ட், இன்டிசைன் எதுவானாலும் வரிசை இதேதான், பொத்தான்களின் இடம் மட்டும் மாறும்.

நெருக்கினால் என்ன கெடுகிறது

நெருக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எழுத்தின் அகலத்தையே சுருக்குவது. டிராவில் `Format > Character` சாளரத்தின் `Position` பக்கத்தில் `Scale width` என்று இருப்பது அதுதான். 85 என்று போட்டால் செங்குத்துக் கோடுகள் 15 விழுக்காடு மெலியும், படுக்கைக் கோடுகளின் தடிமன் அப்படியே இருக்கும். எழுத்துரு வடிவமைத்தவர் இரண்டுக்கும் ஒரு விகிதம் வைத்திருப்பார். அது குலைந்து, தடித்த எழுத்து நசுங்கிய தகரம்போல ஆகிவிடும். தமிழில் இதைவிடப் பெரிய இழப்பு சுழிகளில். நம் தலைப்பின் முதல் சொல்லையே பாருங்கள்: 'மின்னணு'. இரண்டுசுழி ன இரண்டு முறை வந்து, அடுத்ததாக மூன்றுசுழி ண நிற்கிறது. அந்த ஒரு சுழிதான் இரண்டுக்கும் வேறுபாடு. தடித்த எழுத்தில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை ஏற்கெனவே குறைவு. அகலத்தைச் சுருக்கினால் அது பிளவுபோல ஆகி, அச்சில் மை பரவியதும் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, எழுத்துகளுக்கு இடையிலான வெளியைக் குறைப்பது. பவர்பாயின்டில் `Very Tight` என்ற தேர்வு ஒவ்வோர் எழுத்துக்கும் 3 பாயின்ட், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியைப் பிடுங்கிவிடும். ஆங்கிலத் தலைப்பில் இது அழகாகத் தெரியலாம். தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் தலைக்கு மேலே இருக்கின்றன. 'விழிப்பு' என்ற சொல்லில் ழி-யின் மேல்விலங்கு வலப்பக்கம் வளைந்து இறங்குகிறது, அதை அடுத்து வருவது ப்-இன் புள்ளி. வெளியைக் குறைத்தால் இரண்டும் ஒட்டும். கொம்பும் காலும் இன்னும் மோசம். கொம்பு தனக்கு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கண் ஒரு கணம் தடுமாறும். துணைக்கால் அடுத்த எழுத்தோடு ஒட்டினால் 'ர' என்று படிக்கத் தோன்றும்.

மூன்றாவதாக, நெருக்கல் என்று யாரும் நினைக்காத ஒன்றும் உண்டு: வரிகளுக்கு இடையிலான வெளியை 80 விழுக்காடாகக் குறைத்து, உயரத்தில் இடம் பிடிப்பது. மேல்வரியின் 'ணு', 'து', 'ழு' கீழே இறங்கி, கீழ்வரியின் புள்ளிகளை இடிக்கும். தமிழ் எழுத்துருக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வரியுயரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 100 விழுக்காட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

முதலில் பழைய நெருக்கலை நீக்குங்கள்

கையில் வந்த கோப்பில் ஏற்கெனவே யாராவது நெருக்கியிருக்கலாம். தலைப்பு முழுவதையும் தெரிவுசெய்து `Scale width` பெட்டியைப் பாருங்கள். 100 இருந்தால் சரி. வேறு எண் இருந்தாலோ, எண்ணே இல்லாமல் காலியாக இருந்தாலோ எங்கோ நெருக்கல் இருக்கிறது. காலியாக இருந்தால், ஒரு பகுதிக்கு ஓர் அளவும் இன்னொரு பகுதிக்கு வேறோர் அளவும் இருக்கிறது என்று பொருள். 100 என்று தட்டெழுதி, அதே பக்கத்தில் எழுத்து வெளியையும் 0-க்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, செயலி தானாகச் செய்யும் நெருக்கல். டிராவில் பெட்டிக்குரிய `Text Attributes` சாளரத்தில் `Fit to frame` என்று ஒன்று உண்டு. அது எழுத்தைப் பெட்டியின் நீள அகலத்துக்கு இழுத்துப் பரப்பிவிடும், அதை அணைத்துவிடுங்கள். பவர்பாயின்டில் `Shrink text on overflow` எழுத்தின் வடிவத்தைக் கெடுக்காது, ஆனால் அளவைச் சொல்லாமல் குறைத்துவிடும். அது இயங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல. `Do not Autofit` என்று மாற்றிய பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

அளப்பது எப்படி

பெட்டியைத் தெரிவுசெய்து `F4` அழுத்தினால் அகலம் தெரியும். நம் பெட்டி 18.5 செ.மீ. ஆனால் எழுத்துக்குக் கிடைப்பது அத்தனையும் அல்ல. `Text Attributes` சாளரத்தில் `Spacing to Borders` என்ற பகுதியில் இடமும் வலமும் வழக்கமாக 0.25 செ.மீ. உள்வெளி இருக்கும். ஆக எழுத்து ஓடும் அகலம் 18 செ.மீ. புதிதாகச் செய்பவர்கள் "சொல் உள்ளே போகும் அளவுக்கு இடம் இருக்கிறதே, ஏன் கீழே விழுகிறது?" என்று கேட்பது பெரும்பாலும் இந்த அரை சென்டிமீட்டரால்தான்.

இனி சொற்களின் அளவு. துல்லியமாக வேண்டுமானால் அந்த வரியை மட்டும் தனிப் பெட்டியில் ஒட்டி, வலது ஓரத்தைப் பிடித்து மெல்லக் குறுக்கிக்கொண்டே வாருங்கள். கடைசிச் சொல் கீழே விழும் அகலம்தான் அந்த வரியின் எல்லை. திட்டமிடுவதற்கு அவ்வளவு தேவையில்லை, எழுத்தை எண்ணினால் போதும். 'மி' ஒன்று, 'ணு' ஒன்று, 'க்' ஒன்று. சொல்லிடை வெளியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளி உண்மையில் எழுத்தைவிடக் குறுகியதுதான். ஆனால் 'ளை', 'ணை' போன்ற அகல எழுத்துகள் எடுத்துக்கொள்ளும் கூடுதல் இடத்துக்கு அந்தத் தாராளம் ஈடாகிவிடும். நம் எழுத்துருவில் 36 பாயின்டில் ஓர் எழுத்து சராசரியாக ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வரிக்கு 18 எழுத்து.

தலைப்பின் சொற்கள் வரிசையாக 5, 6, 6, 14, 6, 4, 8, 4 எழுத்துகள். இதைப் பார்த்தவுடனே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். 'அப்புறப்படுத்துவதற்கான' என்ற ஒரே சொல்லுக்கு 14. அதற்கு முன்னால் 'பாதுகாப்பாக' நின்றால் மொத்தம் 21, பின்னால் 'வழிமுறைகள்' நின்றாலும் 21. 18 எழுத்து வரியில் இரண்டுக்கும் இடமில்லை. அதனால் அது தனியாக நிற்கிறது, தன் முன்னால் இருப்பதையும் தனியாக நிற்கவைக்கிறது.

இதிலிருந்து பெட்டிக்கு ஒரு கீழ்வரம்பும் கிடைக்கிறது. மிக நீளமான சொல்லைவிடப் பெட்டி குறுகலாக இருக்கவே கூடாது. இருந்தால் செயலி சொல்லை நடுவில் முறித்துவிடும்: மேலே 'அப்புறப்படுத்துவதற்கா', கீழே 'ன'. செய்தித்தாள் பத்திகளில் சொல் இப்படி முறிவது நமக்குப் பழக்கம், கண் ஓடிக்கொண்டே இருப்பதால் பொறுத்துக்கொள்கிறோம். தலைப்பில் அப்படி ஓட்டம் கிடையாது, முறிவு முறிவாகவே தெரியும். தலைப்புகளுக்குத் தானியங்கிச் சொற்பிரிப்பை அணைத்து வைப்பதும் இதனால்தான்.

பெட்டியை மாற்றிப் பார்க்கலாம்

தாளின் அகலம் 29.7 செ.மீ. இரு ஓரமும் 1.5 விட்டால் 26.7 மிஞ்சும். அதில் பெட்டி 18.5, இடைவெளி 1, படம் 7.2.

வரிக்கு 21 எழுத்து கிடைத்தால் மூன்று வரியில் முடியும் என்பது நெருக்கிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அதையே பெட்டியை அகலமாக்கியும் செய்யலாம். சரியாக 21 வைத்தால் போதாது. வேறு கணினியில் எழுத்துருவின் வேறு பதிப்பு இருந்தாலும் வரி குலையாதபடி ஏறக்குறைய 5 விழுக்காடு கூடுதல் வேண்டும். எனவே எழுத்து ஓட 22, உள்வெளியோடு 22.5 செ.மீ. படத்துக்கு மிஞ்சுவது 3.2. படம் வெறும் சின்னம் என்றால் சரி, இல்லையென்றால் அது தபால்தலைபோல ஆகிவிடும். பெட்டியை அகலமாக்கியதும் கிடைப்பது:

மின்னணுக் கழிவுகளைப் பாதுகாப்பாக
அப்புறப்படுத்துவதற்கான வழிமுறைகள்
குறித்த விழிப்புணர்வுக் கூட்டம்

வடிவம் நன்றாக இருக்கிறது. மூன்றாவது வரியைத் தனியாக வாசியுங்கள்: 'குறித்த விழிப்புணர்வுக் கூட்டம்'. எதைக் குறித்த? 'குறித்த' முந்தைய வரியைச் சேர்ந்தது, அநாதையாகக் கீழே வந்துவிட்டது. நெருக்கியவருக்கும் இதே முறிவுதான் கிடைத்திருக்கும். அதாவது நெருக்கல் எழுத்தையும் கெடுத்தது, முறிவையும் சரிசெய்யவில்லை.

இன்னொரு வழி, படத்தைத் தலைப்புக்குக் கீழே இறக்கிவிட்டுத் தலைப்புக்கு முழு அகலத்தையும் கொடுப்பது. 26.7-இல் உள்வெளி போக 26.2. இப்போது 'அப்புறப்படுத்துவதற்கான வழிமுறைகள் குறித்த' என்பது 26 எழுத்து, ஒரே வரியில் அடங்குகிறது. ஆனால் மூச்சுவிட இடமில்லாமல். எழுத்தை 36-இலிருந்து 34 பாயின்டுக்குக் குறைத்தால் வரிக்கு ஏறக்குறைய 27.7 எழுத்து பிடிக்கும், போதிய தளர்வு கிடைத்துவிடும். அளவைக் குறைப்பது நெருக்கல் ஆகாது, நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில்தான் குறைகின்றன. தலைப்புக்கும் அடுத்த நிலை எழுத்துக்கும் வேறுபாடு தெரியும்வரை ஓரிரு பாயின்ட் இறங்குவதில் தவறில்லை.

மின்னணுக் கழிவுகளைப் பாதுகாப்பாக
அப்புறப்படுத்துவதற்கான வழிமுறைகள் குறித்த
விழிப்புணர்வுக் கூட்டம்

சொல்லை மாற்ற உரிமை இல்லையென்றால் இதுதான் விடை. ஒவ்வொரு வரியும் தன்னளவில் பொருள் தருகிறது. நடுவரி நீளமாக இருப்பது குறையல்ல, மையத்தில் நிறுத்தினால் அது நன்றாகவே அமரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பெட்டியை இழுக்கும்போது பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடியுங்கள். கேன்வா போன்ற செயலிகளில் மூலையைப் பிடித்து இழுத்தால் எழுத்தளவும் சேர்ந்து மாறும். வரைகலைச் செயலிகளில் தொகுதியாகக் கட்டிய பொருள்களைப் பக்கவாட்டில் அழுத்தினால் எழுத்தும் சேர்ந்து நசுங்கும். நெருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நெருக்கிவிடும் இடம் இது.

சொல்லை மாற்றுவது

மாற்ற உரிமை இருந்தால் வேலை இன்னும் எளிது. அந்த 14 எழுத்துச் சொல்லில் தொடங்குங்கள். 'அப்புறப்படுத்துவதற்கான வழிமுறைகள் குறித்த' என்ற மூன்று சொல்லும் சேர்ந்து சொல்வது 'அகற்றும் முறை' என்பதைத்தான். அலுவலகத் தமிழில் 'செய்வதற்கான', 'குறித்த', 'தொடர்பான', 'மேற்கொள்ளப்பட்டு வரும்' என்பவை தலைப்புகளில் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டால் பெரும்பாலும் எதுவும் குறையாது. கேட்பவர் 'எதை அகற்றும் முறை, என்ன கூட்டம்' என்று மட்டும்தான் பார்க்கிறார்.

மின்னணுக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றும் முறை: விழிப்புணர்வுக் கூட்டம்

முக்காற்புள்ளி இங்கே அலங்காரத்துக்கு அல்ல. 'குறித்த' என்ற சொல் செய்த இணைப்பு வேலையை இப்போது அதுதான் செய்கிறது. அது இல்லையென்றால் 'முறை விழிப்புணர்வுக் கூட்டம்' என்று ஒட்டி வாசிக்க இடமுண்டு.

இப்போது பழைய 18 எழுத்துப் பெட்டியிலேயே போடுங்கள். முதல் வரி 'மின்னணுக் கழிவுகளைப்' 12 எழுத்து. 'பாதுகாப்பாக' சேர்ந்தால் 19, இடமில்லை, கீழே போகிறது. இரண்டாவது வரி 'பாதுகாப்பாக அகற்றும் முறை:' 16. மூன்றாவது 13.

மின்னணுக் கழிவுகளைப்
பாதுகாப்பாக அகற்றும் முறை:
விழிப்புணர்வுக் கூட்டம்

படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எழுத்து 36 பாயின்டிலேயே இருக்கிறது. ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். முதல் வரி முறிவது 19-க்கும் 18-க்கும் உள்ள ஓர் எழுத்து வேறுபாட்டால். சற்றே குறுகிய எழுத்துரு வந்தால் 'பாதுகாப்பாக' மேலே ஏறிவிடும். அப்புறம் 'அகற்றும் முறை: விழிப்புணர்வுக்' என்று சரியாக 18 எழுத்தில் இரண்டாவது வரி நிரம்பி, 'கூட்டம்' மட்டும் கீழே தனியாகத் தொங்கும். இதைத் தடுக்கப் பெட்டியைக் குறுக்க வேண்டும். நமக்கு வேண்டிய அகலம் 16-க்குக் குறையக் கூடாது, 19-ஐத் தொடவும் கூடாது. 17 வையுங்கள், உள்வெளியோடு 17.5 செ.மீ. இரு பக்கமும் தளர்வு கிடைத்துவிட்டது. படத்துக்கும் ஒரு செ.மீ. கூடுதல் லாபம்.

சொல்லை மாற்றியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. புதியவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் இதில்தான் வழுக்குகிறார்கள். ஒற்று. 'கழிவுகளைப்' என்பதில் உள்ள 'ப்' அடுத்த சொல் 'பாதுகாப்பாக' என்று தொடங்குவதால் வந்தது. வரி முறிந்தாலும் தொடர் முறியவில்லை, ஆகவே வரிக்கடைசியில் 'ப்' நிற்கத்தான் வேண்டும். அதே தலைப்பில் 'பாதுகாப்பாக' வேண்டாம் என்று நீக்கினால் 'கழிவுகளைப் அகற்றும்' என்று நின்றுவிடும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் ஒற்றுக்கு அங்கே வேலையில்லை. 'கழிவுகளை அகற்றும்' என்று திருத்துங்கள். 'விழிப்புணர்வுக் கூட்டம்' என்பதை 'விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்று மாற்றினாலும் 'க்' போக வேண்டும். ஒரு சொல்லை நீக்கினால் அதன் இடப்பக்கத்துச் சொல்லின் கடைசி எழுத்தைக் கட்டாயம் பாருங்கள்.

சுருக்குவதற்கும் எல்லை உண்டு. '10 நாள்களுக்குள் விண்ணப்பிக்கவும்' என்பதை இடத்துக்காக '10 நாளில் விண்ணப்பிக்கவும்' என்று ஆக்கினால் காலவரம்பு மங்கிவிடுகிறது, பத்தாம் நாள் விண்ணப்பிக்கலாம் என்றும் ஒருவர் எடுத்துக்கொள்வார். சட்டத்தின் பெயர், அமைப்பின் பதிவுபெற்ற பெயர், ஆட்களின் பெயர் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அவை நீளமாக இருந்தால் பெட்டி மட்டும்தான் மாறலாம். இன்னொரு தவறு, சேர்ந்திருக்கும் சொல்லை இடத்துக்காகப் பிளப்பது. 'அப்புறப் படுத்துவதற்கான' என்று வெளி விட்டால் செயலி அங்கே மடிக்கத்தான் செய்யும், ஆனால் 'படுத்துவதற்கான' என்று ஒரு வரி தொடங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பெட்டியைக் குறுக்க வேண்டிய தலைப்பு

நீளத் தலைப்புக்கு அகலப் பெட்டி என்று பொதுவாக நினைக்கிறோம். சில நேரம் நேர்மாறு. அதே அறிவிப்பின் அடியில் ஒரு துணைத்தலைப்பு வருகிறது: 'முன்பதிவு இன்றி அனுமதி இல்லை'. 15 எழுத்து அகலத்தில் அது இப்படி முறியும்:

முன்பதிவு இன்றி அனுமதி
இல்லை

தொலைவிலிருந்து பார்ப்பவர் முதல் வரியை மட்டும் படித்தால் பொருள் தலைகீழ். 'இல்லை', 'கூடாது', 'வேண்டாம்' ஆகியவை தமிழில் தொடரின் கடைசியில் வருவதால், கீழே விழும் சொல் பெரும்பாலும் இவைதான். 'முன்பதிவு இன்றி' 9 எழுத்து, அதோடு 'அனுமதி' சேர்ந்தால் 14. எனவே எழுத்து ஓடும் அகலத்தை 9-க்கும் 14-க்கும் நடுவில், 11 அல்லது 12 எழுத்தளவுக்குக் குறுக்கினால் போதும்:

முன்பதிவு இன்றி
அனுமதி இல்லை

அல்லது 'முன்பதிவு கட்டாயம்' என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது. எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

ஒட்டவைக்கும் வெளியும் கையால் போடும் முறிவும்

பெட்டியும் சொல்லும் அமைந்த பிறகும் ஓரிரு இடத்தில் பிடிமானம் தேவைப்படலாம். எண்ணும் அதன் அலகும், தலைப்பெழுத்தும் பெயரும், 'அனுமதி இல்லை' போன்ற இணைகளும் பிரியவே கூடாது. இவற்றுக்கு நடுவில் சாதாரண வெளிக்குப் பதிலாகப் பிரியா வெளியைப் போடுங்கள். லிப்ரேஆபிஸிலும் வேர்டிலும் `Ctrl+Shift+Space`. ஒரு தலைப்பில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். இது இரண்டு சொல்லை ஒரே நீளச் சொல்லாக மாற்றுகிறது என்பதை மறக்காதீர்கள். அதிகம் போட்டால் பெட்டியின் கீழ்வரம்பு உயர்ந்துகொண்டே போகும்.

கையால் வரி முறிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முறிக்க வேண்டுமானால் `Shift+Enter`. வெறும் `Enter` புதிய பத்தியைத் தொடங்கிவிடும். பத்திகளுக்கு நடுவே வெளி அமைத்திருந்தால் தலைப்பு இரண்டாகப் பிளந்ததுபோலத் தெரியும். கையால் போட்ட முறிவு அந்த ஒரு பெட்டி அகலத்துக்கு மட்டுமே சரி. நாளை யாராவது இதே தலைப்பைக் குறுகிய பெட்டியில் ஒட்டினால், தானாக ஒரு மடிப்பும் உங்கள் முறிவு ஒன்றும் சேர்ந்து துண்டு துண்டாகும். முறிவை நீக்கும்போது சொற்கள் 'கழிவுகளைப்பாதுகாப்பாக' என்று ஒட்டிக்கொள்வதும் வழக்கம். ஒரு வெளி விடப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே குறுகிய எழுத்து தேவைப்பட்டால், குறுகலாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் `SemiCondensed`, `Condensed` என்று தனி அகலங்கள் இருக்கின்றன. அங்கே செங்குத்துக் கோட்டின் தடிமனும் சுழிக்குள் இருக்கும் வெள்ளையும் பார்த்துச் செய்யப்பட்டவை. அகலத்தை 85 என்று போடுவதும் இதுவும் ஒன்றல்ல. அப்போதும் ஒரே ஒரு தலைப்புக்கு மட்டும் மாற்றாமல், அந்த ஆவணத்தின் எல்லாத் தலைப்புக்கும் சேர்த்து மாற்றுங்கள்.

வலைப்பக்கமாக இருந்தால்

திரையின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அங்கே சொல்லை மாற்றுவதுதான் முதன்மை வழி. நீளச் சொல்லைக் குறைத்துவிட்டால் கைப்பேசித் திரையிலும் நடுவில் முறியாது. மீதிக்கு இந்த நான்கு வரி போதும்:

```css
h1 {
  text-wrap: balance;
  letter-spacing: normal;
  word-break: normal;
  line-height: 1.4;
}
```

`balance` வரிகளின் நீளத்தைச் சமப்படுத்தும், கடைசிச் சொல் தனியாகத் தொங்குவது குறையும். ஆனால் அதற்குப் பொருள் தெரியாது. 'இல்லை' எங்கே விழுகிறது என்று அது பார்க்காது. அத்தகைய இணைக்கு நடுவில் ` ` போட வேண்டியது நீங்கள்தான். `word-break: break-all` எங்காவது இருந்தால் நீக்குங்கள், சொல் நடுவில் முறிவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு வரியையும் கையால் மறைத்து மறைத்துத் தனியாக வாசியுங்கள். தனியாக நிற்கும்போது தவறான பொருள் தரும் வரியோ, முந்தைய வரியின் வாலைத் தூக்கிக்கொண்டு தொடங்கும் வரியோ இருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு தாளை முழு அளவில் ஒரு பிரதி அச்செடுத்து, 'மின்னணு'வின் ண-வில் மூன்று சுழியும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்வரியின் கீழ்விலங்குகள் கீழ்வரியைத் தொடுகின்றனவா என்பதும் திரையைவிடத் தாளில்தான் நன்றாகத் தெரியும்.

கோப்பாகவே அனுப்புவதாக இருந்தால் லிப்ரேஆபிஸில் `File > Properties` சாளரத்தின் `Font` பக்கத்தில் எழுத்துருவைக் கோப்போடு பொதிக்கும் தேர்வை இயக்குங்கள். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், நீங்கள் விட்ட 5 விழுக்காட்டுத் தளர்வு அதற்குப் போதாது. அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்த பிடிஎஃப்பை வேறொரு கணினியில் திறந்து, வரிகள் அதே இடத்தில் முறிகின்றனவா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.